அந்த அஞ்சு கிலோவும் தண்ணிதானுங்க

போன வாரம் சென்னையில இருந்து ஒரு தம்பி போன்ல கூப்பிட்டாரு. கம்ப்யூட்டர் வேலை. திண்டிவனம் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருக்காராம். பத்து மாடு வாங்கி பண்ணை வைக்கப் போறேன்னாரு. தீவனத்துக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டேன். "அது பிரச்சினையே இல்லைங்க ஐயா. மண்ணில்லா தீவன யூனிட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறேன். ஒரு கிலோ மக்காச்சோளம் போட்டா எட்டே நாள்ல எட்டு கிலோ பசுந்தீவனம். வீடியோவுல பாத்தேன்" அப்படின்னாரு.

அட்வான்ஸை நிறுத்தி வைங்க தம்பி, ஒரு வாரம் கழிச்சு நான் எழுதறதைப் படிச்சிட்டு அப்புறம் குடுங்கன்னு சொன்னேன். அதான் இந்தப் பதிவு. அவருக்கு மட்டும் இல்லை. அந்த வீடியோவைப் பாத்துட்டு, "ஊர்ல இருக்கறவங்க ஏன் இதைச் செய்யாம வறட்சி வறட்சின்னு அழறாங்க?"ன்னு நினைக்கிற எல்லாருக்கும்தான்.

தெரியாதவங்களுக்கு அது என்னன்னு முதல்ல சொல்லிடறேன். மக்காச்சோளத்தை ஊற வெச்சு, முளைகட்டி, பிளாஸ்டிக் தட்டுல பரப்பி, அடுக்கு அடுக்கா ஒரு நிழல் கொட்டாய்க்குள்ள வைக்கிறது. மண்ணு கிடையாது, உரம் கிடையாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா தண்ணி தெளிக்கணும். ஏழெட்டு நாள்ல ஒரு சாண் உசரத்துக்குப் பச்சைப் பசேல்னு நாத்து வந்து நிக்கும். அடியில வேர் பின்னிப் பாய் மாதிரி ஆயிடும். அப்படியே சுருட்டி எடுத்து மாட்டுக்குப் போடலாம். வேர், விதை, நாத்து மூணையும் மாடு சேத்துத் தின்னும்.

பாக்கறதுக்கு அழகுதான், இல்லைங்கல. ஆனா எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை. மாரியம்மன் நோம்பிக்கு முளைப்பாரி போடறாங்களே, அதுவும் இதே வித்தைதான். இருட்டு ரூம்ல ஓட்டுல விதையைப் போட்டு, தண்ணி தெளிச்சு, பத்து நாள்ல மஞ்சளும் பச்சையுமா முழ உசரம் வளத்திடுவாங்க. எதுல இருந்து அது வளருது? விதைக்குள்ள இருக்கிற சத்துல இருந்து. வெளியில இருந்து அது வாங்கிக்கிறது பெரும்பாலும் தண்ணியை மட்டும்தான். இந்த ஒரு விசயம் மனசுல பதிஞ்சுட்டா, வீடியோ பேசறது எல்லாம் தானா வெளுத்துப் போயிடும்.

நான் பேச்சை நம்பறதில்லை, தராசை நம்பறவன். அதனால நானே போட்டுப் பாத்தேன். நல்லாக் காஞ்ச மக்காச்சோளம் சரியா 1 கிலோ எடுத்தேன். தண்ணியில போட்டு மிதந்த பொக்கையை எடுத்துட்டு, அந்த எடைக்கு நல்ல விதையைச் சேத்துக்கிட்டேன். 12 மணி நேரம் ஊற வெச்சு, ஈரச் சாக்குல ஒரு நாள் கட்டி வெச்சேன். அடுத்த நாள் சாக்குக்குள்ள கையை விட்டா சுள்ளுன்னு சூடா இருந்துச்சு. அந்தச் சூட்டை மறந்துடாதீங்க, அதுக்கு அப்புறம் வர்றேன். முளை எட்டிப் பாத்ததும் தட்டுல பரப்பி, கோழிக் கொட்டாய்ச் சந்துல நிழல்ல வெச்சுத் தண்ணி தெளிச்சேன். எட்டாம் நாள் எடுத்து எடை போட்டா 6 கிலோ இருந்துச்சு. எட்டு கிலோ வரலை, ஆனா ஆறும் சின்னக் கணக்கு இல்லையே. என் வீட்டம்மா கூட, "நல்லாத்தானே வந்திருக்கு, எதுக்கு இன்னும் முறைச்சுப் பாக்கறீங்க?"ன்னா.

அந்தப் பாயை நான் மாட்டுக்குப் போடலை. பிச்சுப் பிச்சு தார்ப்பாயில போட்டு நாலு நாள் வெயில்ல காய வெச்சேன். நொறுங்கற பதத்துக்கு வந்தப்புறம் மறுபடியும் தராசுல வெச்சேன். 820 கிராம்.

போட்டது ஒரு கிலோ காஞ்ச தானியம். வந்தது 820 கிராம் காஞ்ச தீவனம். ஆறு கிலோவுல அஞ்சு கிலோவுக்கு மேல இருந்தது தண்ணிதானுங்க. அது கூடப் போகட்டும், நான் போட்டதுலயே 180 கிராமைக் காணோம். எங்க போச்சு? அந்தச் சாக்குல கை வெச்சப்போ சுட்டுதே, அங்கதான் போச்சு. விதை முளைக்கணும்னா அது மூச்சு விடணும். மூச்சு விடறதுக்கு உள்ள இருக்கிற மாவுச்சத்தை எரிக்கணும். எரிச்சது சூடாவும் காத்தாவும் போயிடுது. வெளியில வயல்ல நிக்கிற பயிர்னா, இலை விரிச்சு வெயிலைப் பிடிச்சு எரிச்சதை விடப் பல மடங்கு சம்பாதிச்சுக் குடுக்கும். தட்டுல நெருக்கிப் போட்ட ஏழு நாள் நாத்து, அதுவும் நிழல்ல, என்னத்தைச் சம்பாதிக்கும்? செலவு பண்ண ஆரம்பிச்சு, சம்பாதிக்கத் தொடங்கறதுக்குள்ள நாம பிடுங்கிடறோம்.

இதைச் சொன்னா அடுத்து "புரதம்"னு ஆரம்பிப்பாங்க. மக்காச்சோளத்துல 9 சதவீதம் இருந்த புரதம் முளைச்சப்புறம் கூடிடுச்சு, பாருங்க லேப் ரிப்போர்ட்டுன்னு காட்டுவாங்க. ரிப்போர்ட் பொய் இல்லை, சதவீதம் நெசமாவே கூடும். ஆனா ஒரு பஸ்ஸை நினைச்சுப் பாருங்க. நூறு பேர் போறாங்க, அதுல ஒம்பது பேரு பொம்பளைங்க. வழியில ஆம்பளைங்க பதினெட்டுப் பேர் இறங்கிட்டாங்க. இப்ப கணக்குப் போட்டா பொம்பளைங்க 11 சதவீதம். கூடிடுச்சா? புதுசா ஒரு பொம்பளை கூட ஏறலையே! அதே கதைதான் இது. ஒரு கிலோவுல இருந்த 90 கிராம் புரதம் 820 கிராம்லயும் ஏறக்குறைய அதே 90 கிராம்தான். மாவுச்சத்து இறங்கிப் போனதால பங்கு பெருசாத் தெரியுது. வெறும் தண்ணி தெளிச்சா புரதம் எங்க இருந்து வரும்? புரதத்துக்குத் தழைச்சத்து வேணும். அதைக் குடுக்க மண்ணும் இல்லை, உரமும் இல்லை.

நான் ஒண்ணும் புதுசாக் கண்டுபிடிச்சுச் சொல்லலை. இந்த முளைத்தீவனத்தைப் பத்தி பிரிட்டன்ல 1939லயே ஆய்வுகளைத் தொகுத்து எழுதிட்டாங்க. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துக்காரங்க 2003ல மாட்டுப் பண்ணைக்காரங்களுக்காக உக்காந்து கணக்குப் போட்டு, தானியத்தை அப்படியே குடுக்கறதை விட இது ரொம்பச் செலவுன்னு விளக்கமா எழுதி வெச்சிருக்காங்க. நம்ம கோவாவுல இருக்கிற ஐ.சி.ஏ.ஆர். நிலையத்துலயும் மக்காச்சோளத்தை வெச்சுப் பண்ணிப் பாத்தாங்க. ஒரு கிலோவுக்கு அஞ்சாறு கிலோன்னுதான் அங்கயும் வந்துச்சு. எட்டு, பத்துன்னு எல்லாம் அங்க வரலை.

இனி என் தங்கச்சி மகன் கதைக்கு வர்றேன். அதை எழுதலாமான்னு அவன்கிட்டயே கேட்டுட்டேன். "எழுதுங்க மாமா, இன்னொருத்தன் ஏமாறாம இருந்தாச் சரி"ன்னுட்டான்.

பெங்களூர்ல வேலையா இருந்தவன். வேலை போனதும் ஊருக்கு வந்து, தாராபுரம் பக்கம் நாலு கலப்பின மாடு வாங்கினான். அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடிச்சு கோ-4 புல்லு நட்டிருந்தான். ஒரு மாட்டுக்குத் தினமும் 25 கிலோ புல்லு, 4 கிலோ கலப்புத் தீவனம், 3 கிலோ சோளத்தட்டு. மாட்டுக்கு 10 லிட்டர் பால். பெரிய லாபம் இல்லைன்னாலும் வண்டி ஓடிட்டு இருந்துச்சு.

அப்பத்தான் ஒரு கம்பெனி ஆளு வந்தாரு. அரை ஏக்கர் எதுக்கு, மோட்டார் எதுக்கு, புல்லு அறுக்க ஆள் எதுக்கு, ஒரு ரூம் இருந்தாப் போதும்னு பேசியிருக்காரு. கலப்புத் தீவனத்தையும் பாதியாக் குறைச்சுக்கலாம், இதுல புரதம் அதிகம்னும் சொல்லியிருக்காரு. என் தங்கச்சி நகையை அடகு வெச்சு, மூணு லட்சத்துக்கு யூனிட் வந்து இறங்குச்சு. குத்தகை நிலத்தைத் திருப்பிக் குடுத்தாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தாலும் மாமன் பழைய ஆளுன்னுதான் நினைச்சிருப்பான், விடுங்க.

தினமும் 80 கிலோ பாய் எடுத்தான், மாட்டுக்கு 20 கிலோ. மாடும் ஆசையாத் தின்னுச்சு. ஏன் தின்னாது, முளைகட்டின தானியமாச்சே. முதல் வாரம் போன் பண்ணி, "மாமா, தாளியை நக்கி வைக்குதுங்க"ன்னான். ஒன்றரை மாசம் கழிச்சு நான் போய்ப் பாத்தப்போ நாலு மாட்டுக்கும் விலா எலும்பு எண்ணலாம் போல இருந்துச்சு. சாணம் தண்ணியாப் போயிட்டு இருந்துச்சு. பால் 10 லிட்டர் 7 ஆயிடுச்சு. "தீனி குறைவே இல்லை மாமா, வயிறு நிறையத்தான் தின்னுது"ங்கறான்.

அங்கேயே திண்ணையில உக்காந்து காலண்டர் அட்டைக்குப் பின்னாடி கணக்குப் போட்டோம். ஈரத்தைக் கழிச்சுட்டுப் பாக்கணும், அதான் சூத்திரம். முன்னே ஒரு மாட்டுக்கு 25 கிலோ கோ-4. அதுல காஞ்ச எடை அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 5 கிலோ. கலப்புத் தீவனம் 4, தட்டு 3. ஆக மொத்தம் 12 கிலோ. இப்ப 20 கிலோ பாயில காஞ்ச எடை என் கணக்குப்படி 2 கிலோ 700 கிராம்தான். கலப்புத் தீவனம் 2, தட்டு 3. மொத்தம் 7 கிலோ 700 கிராம். ஒரு மாட்டுக்கு நாள் ஒண்ணுக்கு நாலு கிலோவுக்கு மேல தீனி குறைஞ்சிருக்கு! 12 கிலோ தின்ன மாட்டை எட்டுக்குக் கீழ இறக்கிட்டு, வயிறு நிறைஞ்சிருக்கேன்னு சொன்னா எப்படி? நிறைஞ்சது தண்ணி. ஆனைப் பசிக்குச் சோளப்பொரி போட்டா கூட அது காஞ்ச பொரி, இது நனைஞ்ச பொரி.

காசுக் கணக்கு இன்னும் மோசம். முளைக்கிற மாதிரி நல்ல மக்காச்சோளம் கிலோ 28 ரூபாய்க்கு வாங்கினான். ஆறு கிலோ பாய் வருதுன்னா தானியச் செலவு மட்டுமே கிலோவுக்கு நாலே முக்கால் ரூபாய் கிட்ட வருது. கரண்டு, பிளீச்சிங் பவுடர், தட்டு தேய்மானம், விடிஞ்சா அடைஞ்சா என் தங்கச்சி தட்டு கழுவற கூலி எதுவும் அதுல இல்லை. காஞ்ச எடைக்குப் பாத்தா கிலோ 34 ரூபாய். அதே மக்காச்சோளத்தைத் தீவனத் தரத்துல 25 ரூபாய்க்கு வாங்கி, 2 ரூபாய் குடுத்து மில்லுல உடைச்சுப் போட்டா 27 ரூபாய்ல முடிஞ்சிருக்கும், சத்தும் குறையாது. கோ-4 புல்லை வெளியில 3 ரூபாய்னு வாங்கினா கூட காஞ்ச கிலோ 15 ரூபாய்தான். சொந்தமா நட்டா அதுலயும் குறையும்.

முளைகட்டினா சீக்கிரம் செரிக்கும்னு ஒரு வாதம் இருக்கு. மனுசனுக்குச் சரி. நம்ம வயிறு சின்னது, அதனால பயறை முளைகட்டித் தின்றோம். மாட்டுக்கு ஆண்டவனே வயித்துக்குள்ள ஒரு பெரிய தாளியை வெச்சு, கோடிக்கணக்கான நுண்ணுயிரை வேலைக்கு விட்டிருக்கான். உடைச்ச மக்காச்சோளத்தை அது நல்லாவே செரிக்கும். நாம 28 ரூபாய் குடுத்து முன்கூட்டியே செரிச்சுக் குடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அதுக்கு வேணுங்கறது நார். தட்டு, வைக்கோல், முத்தின புல்லு மாதிரி கரகரன்னு இருந்தாத்தான் அசை போடும், அசை போட்டாத்தான் எச்சில் ஊறி வயிறு புளிக்காம இருக்கும், பாலுக்குக் கொழுப்பும் சேரும். இந்த நாத்து பட்டு மாதிரி இருக்கும், அசை போட வைக்காது. இதை நம்பித் தட்டையும் நிறுத்திட்டா சொசைட்டியில கொழுப்புக் கருவி உங்களைக் காட்டிக் குடுத்துடும்.

இன்னொரு ஆபத்து பூசணம். வீடியோவுல அது வராது. நம்ம ஊர் புழுக்கத்துக்கு, சாத்தின கொட்டாய்க்குள்ள ஈரமும் தானியமும் சேந்தா பூசணத்துக்குக் கல்யாணச் சாப்பாடுதான். அடிபட்ட விதை, உடைஞ்ச விதை, முளைக்காத விதைன்னு தட்டுக்கு நாலு இருந்தாப் போதும், அங்க ஆரம்பிச்சு அடுக்கு முழுக்கப் பரவும். வேர்ல வெள்ளையா மெல்லிசாத் தூவி இருக்கும், அதைப் பாத்துப் பயப்பட வேண்டாம். அது வேர்த்தூவி, வேரைச் சுத்தி சீரா இருக்கும், தண்ணி பட்டா ஒட்டிக்கிட்டுக் கண்ணுக்குத் தெரியாது. பூசணம் அப்படி இல்லை. முளைக்காத விதை மேல ஒட்டடை மாதிரிப் படரும், அப்புறம் பச்சையாவோ கருப்பாவோ திரியும், பிசுபிசுக்கும், பாயைப் பிரிச்சா மக்கின வாடை அடிக்கும். அந்தத் தட்டை முழுசாக் குப்பைக்குழிக்கு அனுப்பணும். கெட்ட இடத்தை மட்டும் பிச்சுட்டுப் போடக் கூடாது. சில பூசணத்துல வர்ற அஃப்ளடாக்சின் நஞ்சு மாட்டு ஈரலைக் கெடுக்கும், பால் வழியாவும் இறங்கும். அந்தப் பாலைக் குடிக்கப் போறது உங்க வீட்டுக் குழந்தைதான். கடையில விக்கிற விதைச்சோளத்தை வாங்கி முளைகட்டவும் கூடாது. அதுக்கு மருந்து கலந்திருக்கும், பாக்கெட்டுலயே போட்டிருப்பாங்க.

கடைசியா அந்தத் தண்ணிக் கணக்கு. "ஒரு கிலோ தீவனத்துக்கு ரெண்டு மூணு லிட்டர் தண்ணி போதும், நிலமே வேண்டாம்"னு சொல்றப்போ நகரத்துல இருக்கற உங்களுக்கு மனசு குளிரும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அந்த மக்காச்சோளம் எந்த வானத்துல விளைஞ்சுது? யாரோ ஒருத்தன் பெரம்பலூர்லயோ உடுமலையிலயோ நூறு நாளைக்கு மேல காட்டுல நின்னு, உழுது, உரம் போட்டு, படைப்புழுவோட மல்லுக்கட்டி, மழைத்தண்ணியும் கிணத்துத்தண்ணியும் காட்டி விளைய வெச்சது. மண்ணு, தண்ணி, உழைப்பு எல்லாம் அவன் கணக்குல எழுதிட்டு, கடைசி எட்டு நாளை மட்டும் உங்க கணக்குல எழுதி, "மண்ணில்லா விவசாயம்"னு பேர் வெச்சா அது விவசாயம் இல்லைங்க, கணக்குப்பிள்ளை வேலை.

இதுக்கு ஒரு பிரயோசனமும் இல்லையான்னா, இருக்கு. வறட்சியில பச்சை கண்ணுலயே படாம, மாசக்கணக்கா வைக்கோல் மட்டும் தின்னுட்டு இருக்கற மாட்டுக்குத் தினம் ரெண்டு மூணு கிலோ குடுத்தா நல்லது. முளைக்கிறப்போ சில வைட்டமின் கூடும், அது நெசம். சினை மாட்டுக்கு, கன்னுக்குட்டிக்கு, கோழிக்கு மருந்து மாதிரிக் கொஞ்சமாக் குடுக்கலாம். நானே ஆறு தட்டு வெச்சிருக்கேன். மூங்கில் பட்டியல்ல அடுக்கி, மேல ஈரச்சாக்கு போட்டது. மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய் தாண்டலை. கோழிக்கும் ரெண்டு கன்னுக்கும் போடறேன். அதைப் பசுந்தீவனம்னு நான் சொல்றதில்லை. நனைஞ்ச தானியம்னுதான் என் கணக்கு நோட்டுல எழுதறேன்.

மாப்ளை இப்ப யூனிட்டை நிறுத்திட்டான். வித்த கம்பெனி திருப்பி எடுத்துக்கலை. ஒரு மாட்டை வித்து வட்டி கட்டினான். குத்தகை நிலம் வேற ஆளுக்குப் போயிடுச்சு, அதனால என் கிணத்து மேட்டுல ஒரு துண்டு ஒதுக்கிக் குடுத்திருக்கேன். கோ-4 கரணை நட்டாச்சு, வரப்பு சுத்தி அகத்தி. முதல் அறுப்புக்கு 75, 80 நாள் ஆகும், அப்புறம் 45 நாளைக்கு ஒருக்கா வெட்டலாம். எட்டு நாள்ல வராது. ஆனா வர்றது தண்ணியா இருக்காது. அந்தத் தட்டுல சிலதை என் தங்கச்சி வடகம் காய வைக்க எடுத்துக்கிட்டா. நகை இன்னும் அடகுலதான் இருக்கு.

சென்னைத் தம்பி, உங்களுக்கு நான் சொல்றது இதுதான். யூனிட் விக்கறவர்கிட்ட சண்டை போட வேண்டாம். அவர் காட்டற பாய்ல இருந்து சரியா ஒரு கிலோவை வாங்கிட்டு வந்து, உங்க வீட்டு மொட்டை மாடியில நாலு நாள் காய வைங்க. அப்புறம் எடை போட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க. 150 கிராமுக்கு மேல இருந்தா அட்வான்ஸ் குடுக்கறதைப் பத்திப் பேசுவோம். இல்லைன்னா அந்தக் காசுல முதல்ல ஒரு அரை ஏக்கர் புல்லு நடுங்க. புல்லு வளந்தப்புறம் மாடு வாங்கிக்கலாம்.